இரண்டரை மில்லிமீட்டர் ஐகான்

பேட்டர்ன் அக்கா கண்ணாடியைக் கழற்றித் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, ஆறு அங்குல இரும்பு ஸ்கேலைக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஐகானின் மேல் வைத்து அளந்தாள். இரண்டரை மில்லிமீட்டர். நம்பிக்கை வராமல் பக்கத்து ஐகானையும் அளந்தாள். அதுவும் இரண்டரைதான். ஒரு சட்டைப் பொத்தான் துளையின் நீளத்துக்குள் ஐந்து ஐகான்களை வரிசையாக வைத்துவிடலாம் போலிருந்தது.

சட்டைகள் தைக்கும் கம்பெனி அது. அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் முப்பத்தைந்து வருடம் துண்டுகளின் வடிவம் வரையும் பேட்டர்ன் அறையில் கழிந்தது. முதலில் அட்டையும் பென்சிலும். கடைசி ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர். ஒரு சட்டையின் முன்பக்கம், முதுகு, காலர், இரண்டு கை என்று எல்லாத் துண்டுகளையும் துணியின் அகலத்துக்குள் இடம் வீணாகாமல் அடுக்க வேண்டும். அந்த அடுக்குக்கு மார்க்கர் என்று பெயர். அதை நீளக் காகிதத்தில் அச்சடித்து, அறுபது மடிப்புத் துணியின் மேல் விரித்து, கோட்டின் வழியே கத்தி ஓட்டுவார்கள். மார்க்கரில் ஒரு பிழை என்றால் அது ஒரு பிழை அல்ல, அறுபது பிழை.

பழைய திரை போன வாரம் கண்ணை மூடிக்கொண்டது. புதிதாக வந்தது அகலமானது, கண்ணாடி போல் பளபளப்பது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்ப்பது போல ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "அக்காவுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்றார்கள். வாழ்வு வந்தது உண்மைதான். ஆனால் மார்க்கர் மென்பொருளின் தலைப்பட்டையில் இருந்த நாற்பது ஐகான்களும் அன்றைக்கே எறும்புக் கூட்டமாகிவிட்டன. பழைய திரையில் அவை கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் இருந்தன. துண்டைச் சுழற்றும் ஐகானும் துண்டைப் புரட்டும் ஐகானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஒரு வளைந்த அம்பு.

அக்காவுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் ஊசிக்காதில் இன்றைக்கும் ஒரே தடவையில் நூல் கோத்துவிடுவாள். கண்ணாடி போட்டால் வாசலில் வருபவர் முகம் தெரியும். கம்ப்யூட்டர் திரையோ ஊசிக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்தது.

திரையைப் பொருத்தியவர் கற்றுக்கொடுத்தபடி எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்கிப் பார்த்தாள். எழுத்து பெரிதானது. ஆனால் இந்த மென்பொருள் மட்டும் ஆவி படிந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பது போல மங்கிவிட்டது. துண்டின் ஓரத்தில் போடும் நாட்ச் குறி ஒன்றா இரண்டா என்றே தெரியவில்லை. கையின் முன்பக்கத்துக்கு ஒரு நாட்ச், பின்பக்கத்துக்கு இரண்டு. அது தெரியாவிட்டால் மார்க்கர் போடுவதும் ஒன்றுதான், கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதும் ஒன்றுதான். பழையபடி மாற்றிவிட்டாள்.

போன வியாழக்கிழமையே மென்பொருள் கம்பெனிக்குத் தன் செல்போனிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். "ஐகான்களைப் பெரிதாக்க ஏதாவது வழி வைக்க முடியுமா?" என்று ஒரே வரி. ஒரு நிமிடத்தில் தானாகவே பதில் வந்தது: உரிமம் பதிவான மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

பதிவான முகவரி அலுவலகத்தினுடையது. அதைத் தினமும் காலையில் முதலில் திறந்து பார்ப்பவர் மேனேஜர்.

அக்கா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். ஓய்வு வயது போன வருடமே முடிந்துவிட்டது. வருடா வருடம் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில்தான் அவள் நாற்காலி நின்றுகொண்டிருந்தது. இந்த மாதக் கடைசியில் அடுத்த கையெழுத்து. இந்த நேரத்தில் "எனக்கு ஐகான் தெரியவில்லை" என்று மேனேஜர் கண்ணில் படும்படி எழுதுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இடுக்கி வேலை பார்த்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் தையல் லைன் நின்றது.

கை பொருத்தும் மேஜையில் நடு அளவுச் சட்டைகளுக்கு இரண்டுமே வலது கைகளாக வந்திருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, அறுபது சட்டைகள். இடது கை ஒன்றுகூட இல்லை. லைன் சூப்பர்வைசர் ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார். மேனேஜர் அவற்றைக் கைக்கெட்டிய தூரத்தில் நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, வெட்டும் மேஜைக்குப் பொறுப்பானவனைக் கூப்பிட்டார்.

அவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவன் கத்தி. நாற்பது வயது, உரத்த குரல், எதையும் கேலியாக்கும் வாய். அன்று மட்டும் கேலி வரவில்லை.

"வெட்டின துண்டைப் பண்டில் கட்டும்போது மாத்திக் கட்டியிருக்கே" என்றார் மேனேஜர்.

"சார், என் மேஜையில மாறாது சார்."

"மாறாம எப்படி ரெண்டும் வலது கையா வந்துச்சு? கடவுளே மனுசனுக்கு இப்படி வைக்கலையே. உனக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கைக் கடிதம் இருக்கு, ஞாபகம் இருக்கா? வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணாவது. மூணாவது வந்தா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும்."

அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது கடிதம் கையில் கிடைத்தவர் மறுநாள் வருவதில்லை.

அக்கா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பண்டில் மாறியிருந்தால், வேறு ஏதாவது அளவில் இரண்டும் இடது கையாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. இது அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்தது. மேனேஜருக்குத் தெரியவில்லை. வெட்டி முடித்த மார்க்கர் காகிதம் குப்பைக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தது அவள் கம்ப்யூட்டரில் உள்ள கோப்பு மட்டும்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தாள். நடு அளவின் இடது கையைத் தேடி, கண்ணாடியைக் கழற்றி, மூக்கு திரையில் முட்டும்படி குனிந்தாள். ஒரு நாட்ச் இருக்க வேண்டிய பக்கத்தில் இரண்டு நாட்ச். துண்டு புரண்டு கிடந்தது. இடம் மிச்சப்படுத்த அதைத் தலைகீழாகச் சுழற்றினோம் என்று நினைத்திருந்தாள். சுழற்றவில்லை. புரட்டியிருக்கிறாள். இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி அழுத்தியிருக்கிறாள்.

அவள் மட்டும் பார்த்தாள். வேறு யாருக்கும் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கத் தெரியாது. இப்போது அந்தத் துண்டைத் திருப்பி வைத்துச் சேமித்துவிட்டால், உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. சுட்டி சேமிக்கும் ஐகானுக்கு அருகில் போய் நின்றது. அக்கா கையை எடுத்துவிட்டாள்.

அவள் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்காலம் அவள் சொன்னதை எல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பையனுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார்.

"மூணு. பிள்ளை கணக்கு இப்ப எதுக்கு? அவன் ஒண்டிக்கட்டையா இருந்தா நான் பேசாம இருக்கலாமா?"

"நான் எதுக்குக் கேட்டா உனக்கென்ன? சரி, நாளைக்கு மேனேஜர்கிட்ட நேராப் போய்ச் சொல்லிடு."

"சொல்லுவேன். கண்ணு போச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அப்புறம் இங்க உக்காந்து உங்க கூட சண்டை போட்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அது எனக்கும் பெரிய தண்டனைதான்" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரு தடவை பஸ் மாத்திக் குடுத்தாங்க. பக்கத்துக் கண்ணாடி உள்ளங்கை அகலம்தான். பெரிசு வேணும்னு எழுதிக் குடுன்னாங்க. எழுதினா வயசாயிடுச்சும்பாங்கன்னு எழுதலை. மூணு மாசம் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டினேன். ஏத்தின அத்தனை பேர் உசிரையும் சேர்த்துத்தான் பிடிச்சிருந்தேன்னு அப்ப எனக்குத் தோணலை."

அக்கா எழுந்தாள். பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, யாரும் வருவதற்கு முன், அலுவலக மின்னஞ்சலைத் திறந்தாள். திரையில் ஸ்கேலை வைத்துச் செல்போனில் படம் எடுத்துச் சேர்த்தாள். பிறகு எழுதினாள்:

"வணக்கம். உங்கள் மார்க்கர் மென்பொருளை ஒன்பது வருடமாகப் பயன்படுத்துகிறேன். எனக்கு வயது ஐம்பத்தொன்பது. புதிய திரையில் உங்கள் ஐகான்கள் இரண்டரை மில்லிமீட்டர் அகலம் இருக்கின்றன. பழைய திரையில் ஐந்து. ஸ்கேல் வைத்து எடுத்த படம் இணைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரின் அளவைக் கூட்டினால் படம் மங்கி நாட்ச் தெரிவதில்லை. உருப்பெருக்கியைப் போட்டால் திரை முழுவதும் சுட்டியோடு சேர்ந்து ஓடுகிறது; தலை சுற்றுகிறது.

திங்கள்கிழமை ஒரு கைத் துண்டைச் சுழற்றுவதற்குப் பதில் புரட்டிவிட்டேன். ஐகான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தெரியவில்லை. அறுபது சட்டைகளுக்கு இரண்டும் வலது கையாகிவிட்டன. வெட்டும் மேஜையில் எந்தத் தவறும் நடக்கவில்லை. தவறு என்னுடையது.

ஐகான்களை இடம் மாற்ற வேண்டாம். மற்றவர்களுக்குக் கை பழகியிருக்கும். பெரிதாக்கிக்கொள்ள ஒரு அமைப்பு மட்டும் வேண்டும். வேண்டுபவர்கள் பெரிதாக்கிக்கொள்வார்கள்."

அனுப்பினாள். அனுப்பியவை பட்டியலில் அது முதல் வரியாக ஏறி உட்கார்ந்தது. அழிக்க ஒரு பொத்தான் இருந்தது. அது நன்றாகப் பெரிதாகவே இருந்தது.

எழுந்து வெட்டும் அறைக்குப் போனாள். கத்தி துணி விரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அது உன் தப்பில்லை. நான் மார்க்கர்ல கையைப் புரட்டிட்டேன். மேனேஜர் பார்க்கிற மாதிரி எழுதி அனுப்பிட்டு வர்றேன்."

கத்தி துணியின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். "எப்பக்கா தெரியும்?"

"நேத்து பன்னிரண்டு மணிக்கு."

"நேத்து பன்னிரண்டு மணி." அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "இருபது மணி நேரம். நான் அறுபது பண்டில் சீட்டையும் நாலு தடவை எண்ணினேன். ராத்திரி என் பொண்டாட்டியே கேட்டா, நிஜமாவே நீ மாத்திக் கட்டலையான்னு. நானே ஒரு நிமிசம் யோசிச்சேன், கட்டிட்டேனோன்னு."

"தப்புதான்."

"தப்புதான்" என்றான் அவனும். துணியை ஒரு உதறு உதறி விரித்தான். "போங்கக்கா. அடுத்த மடிப்பு விரிக்கணும்."

அதற்கு மேல் அங்கே நிற்க அவளுக்கு உரிமையில்லை.

ஒன்பது மணிக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டரில் அவள் கடிதம் திறந்திருந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளித் தள்ளி, தூரத்திலிருந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வெளிக் கம்பெனிக்கு எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து சொல்லத் தோணலையாக்கா?"

"தோணுச்சு சார். வாயால சொல்லியிருந்தா பாதி சொல்லியிருப்பேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஜைத் தொலைபேசி அடித்தது. மென்பொருள் கம்பெனியின் சப்போர்ட்டிலிருந்து ஒரு பெண். கடிதம் எழுதிய மேடத்திடம் பேச வேண்டுமாம். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உங்க படத்தைப் பார்த்தோம். ஐகான் சின்னதா இருக்குன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. திரை அளவைக் கூட்டிக்கங்கன்னு நாங்களும் பதில் போட்டுட்டே இருந்தோம். ஸ்கேல் வச்சு அளந்து அனுப்பினவங்க நீங்க ஒருத்தர்தான். இதை எழுதின புரோகிராமர் பக்கத்துலதான் இருக்கார், பேசுங்க."

ஒரு ஆண் குரல் வந்தது. "மேடம், அந்த ஐகான் எல்லாம் பதினாறு புள்ளி அகலத்துக்கு வரைஞ்ச படம். புதுத் திரையில புள்ளிங்க ரொம்ப நெருக்கம். அதனால படமும் சுருங்கிடுது. இன்னொன்னு கேக்கணும். கைத் துண்டைப் புரட்ட முடியாதபடி பூட்டி வைக்க வசதி இருக்கே. பூட்டியிருந்தா ஐகானைத் தப்பா அழுத்தினாலும் புரண்டிருக்காதே?"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிதத்தில் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்கா தொலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தாள். காலையில் எழுதும்போது பூட்டு அவள் நினைவுக்கு வந்திருந்தது. ஐகானைச் சொன்னால் போதும் என்று அதைத் தாண்டிப் போயிருந்தாள்.

"பூட்டலை" என்றாள். "போன ஆர்டர் துணிக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. புரட்டினா பாதகமில்லை. அதனால திறந்து வச்சிருந்தேன். இந்தத் துணிக்கு உள்பக்கம் வேற, வெளிப்பக்கம் வேற. பழைய ஆர்டரை அப்படியே நகல் எடுத்துப் போட்டேன். பூட்டு திறந்தே வந்துடுச்சு. நான் பார்க்கலை. அது ஐகான் தப்பில்லை, என் தப்பு."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி மேடம்" என்றது குரல். "பூட்டு உங்களுது. இரண்டரை மில்லிமீட்டர் எங்களுது. பெரிசாக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. நாற்பது ஐகானையும் ரெண்டு மடங்காக்கினா பட்டை ஒரு வரிசையில அடங்காது, கடைசி ஐகான்கள் திரைக்கு வெளியே போயிடும். அதை ரெண்டாவது வரிசைக்கு மடிக்கணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள சோதனைக்கு ஒன்னு அனுப்பறேன். நீங்கதான் பார்த்துச் சொல்லணும். அதுவரைக்கும் சுழற்றறதுக்கு விசைப்பலகையில ஒரு எழுத்து இருக்கு, அதையே பயன்படுத்துங்க."

தொலைபேசியை வைத்த பிறகு மேனேஜர் இழுப்பறையைத் திறந்தார். தட்டச்சு செய்து வைத்திருந்த கத்திக்கான கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அக்காவுக்கு மூச்சு வந்தது. ஒரு கணம்தான்.

"இதே கடிதம் உங்க பேர்ல வரும். முதல் எச்சரிக்கை. வாங்கிக் கையெழுத்துப் போடுங்க."

"போடறேன் சார்."

"ஒப்பந்தம் இப்ப எழுதலை. செவ்வாய்க்கிழமை அது வரட்டும். என் கண்ணு முன்னாடி ஒரு மார்க்கர் போட்டுக் காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம். அதுவரைக்கும் உங்க மார்க்கர் எதுவும் இன்னொருத்தர் பார்க்காம வெட்டுக்குப் போகக் கூடாது."

"யார் சார் பார்க்கணும்?"

மேனேஜர் யோசித்தார். "வெட்டறவன்தான் பார்க்கணும்."

வெள்ளியும் சனியும் திங்களும் கத்தி வந்து அச்சடித்த காகிதத்தை ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் பார்த்தான். "ஒன்னு. ரெண்டு. சரி." அதைத் தவிர வேறு பேச்சில்லை. கேலி இல்லாத கத்தியைப் பார்த்து அறையில் இருந்தவர்களுக்கே ஒருமாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சோதனைப் பதிப்பு வந்தது. அமைப்புகளுக்குள் புதிதாக ஒரு வரி: ஐகான் அளவு. சிறியது, நடுத்தரம், பெரியது. பின்னால் மேனேஜர் நின்றார். மேஜையோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு கத்தி நின்றான். அக்கா 'பெரியது' என்பதை அழுத்தினாள்.

தலைப்பட்டை விரிந்து இரண்டு வரிசையானது. ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். ஐந்து. துண்டுகள் மங்கவில்லை, கோடுகள் முடியிழை போல் அப்படியே இருந்தன. சுழற்றும் அம்பும் புரட்டும் அம்பும் முதல் தடவையாக வேறு வேறு ஆட்களாகத் தெரிந்தன. ஒன்று வட்டமாக ஓடியது. இன்னொன்று ஒரு கோட்டைத் தாண்டிக் குதித்தது.

முதலில் பூட்டைப் பார்த்தாள். திறந்திருந்தது. பூட்டினாள். பின்னால் மேனேஜர் மூச்சு விடுவது கேட்டது. பதினான்கு துண்டுகள், மூன்று அளவுகள். கண்ணாடியைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். நடு அளவின் இடது கை வந்தது. இடம் மிச்சப்படுத்த அதைத் தலைகீழாக வைக்க வேண்டும். விசைப்பலகையைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. சுட்டியை மேலே கொண்டுபோனாள். யாரும் அசையவில்லை. அழுத்தினாள். துண்டு சுழன்றது.

மார்க்கரை அச்சடிக்கும் பிளாட்டர் கரகரவென்று காகிதத்தைத் தள்ளியது. கத்தி அதை மேஜையில் விரித்து, கைத் துண்டின் ஓரத்தில் விரல் வைத்தான். "முன்பக்கம் ஒன்னு. பின்பக்கம் ரெண்டு." அடுத்ததற்குப் போனான். கடைசித் துண்டு வரை போய்விட்டு மேனேஜரைப் பார்த்தான். "சரியா இருக்கு சார். மனுசனுக்குக் கடவுள் வச்ச மாதிரியே இருக்கு."

ஆறு நாள் கழித்து வந்த முதல் கேலி. அக்கா காகிதத்தைச் சுருட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜர் கையில் வைத்திருந்த காகிதத்தை மேஜையில் வைத்தார். ஒப்பந்தம். "ஒரு வருசம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் மார்க்கர் வெட்டுக்குப் போகணும், அதையும் சேர்த்திருக்கேன். படிச்சுப் பாருங்க."

கதவு வரை போனவர் திரும்பி வந்தார். கத்தி வெளியே போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, என் கம்ப்யூட்டர்லயும் இந்த மென்பொருள் இருக்கில்ல, சும்மா பார்க்கறதுக்கு. அதுலயும் இதைப் போட முடியுமா?"

"சின்னதா, நடுத்தரமா, பெரிசா சார்?"

அவர் இடுப்பில் கையை வைத்துத் திரையைத் தூரத்திலிருந்து பார்த்தார். "இப்போதைக்கு நடுத்தரம் போதும்" என்றார்.

அவர் போன பிறகு அக்கா அலுவலக மின்னஞ்சலைத் திறந்தாள். "பதிப்பு கிடைத்தது, நன்றி" என்று தொடங்கினாள். "பட்டை இரண்டு வரிசையானதில் சட்டை அளவுப் பட்டியலின் முதல் வரி மறைகிறது. கீழே ஏழு மில்லிமீட்டர் இறக்கினால் போதும். ஸ்கேல் வைத்த படம் இணைத்திருக்கிறேன்."